பெயரை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



படிப்பு முடியும் முன்பே நமக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன. பத்தாவதோடு நின்றுவிட்ட நண்பர்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த அண்ணன்மார்கள், அக்கா முறையில் பழகிய சீனியர்கள் என்று மாதத்திற்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. போகிறோம், சாப்பிடுகிறோம், போட்டோவுக்கு நிற்கிறோம். ஆனால் வாழ்த்து என்று ஒன்று எழுதச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கை நின்றுவிடுகிறது. உடனே செல்போனை எடுத்து, குத்துவிளக்கும் ரோஜாவும் போட்ட படத்தை அனுப்பிவிடுகிறோம். 2018லிருந்து அதன் தலையிலேயே 'ஃபார்வர்டட்' என்று வேறு எழுதி வருகிறது! அனுப்பியவன் யோசிக்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழைய வாழ்த்துகளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்பதைப் பதினாறு பிள்ளை என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அது பதினாறு பேறுகள். அபிராமி பட்டரின் பதிகத்தில் ஒரு பாட்டு அவற்றை வரிசையாகவே சொல்கிறது. கல்வி, ஆயுள், வஞ்சகமில்லாத நட்பு, நோயில்லாத உடம்பு எல்லாம் அதில் வரும். குழந்தை அவற்றில் ஒன்றுதான். நல்ல வாழ்த்துதான் அது. எங்கள் பாட்டி அவ்வளவுகூடச் சொல்லாது. 'நல்லா இரு சாமி' என்று தலையில் கை வைக்கும், அவ்வளவுதான். அதை யாராவது ஃபார்வர்டு மெசேஜ் என்பார்களா? அங்கே கை பேசுகிறது. காகிதத்தில் எழுதும்போது அந்தக் கை இல்லை. அதனால்தான் எழுத்தில் அதே வார்த்தை வெறுமையாகத் தெரிகிறது என்பது என் கருத்து. கை இல்லாத குறையை வேறு ஏதாவது ஒன்றை வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

எதை வைத்து? அந்த நண்பன் செய்த ஒரு காரியத்தை வைத்து. குணத்தை அல்ல, காரியத்தை. 'நீ ரொம்ப நல்லவன்' என்பது யாருக்கும் பொருந்தும்.

நம் வகுப்பு அண்ணன் ஒருவருக்குப் போன ஆவணியில் கல்யாணம். (பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார்.) பகலில் நம்மோடு வகுப்பு, இரவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினோம். கூடவே ஒரு சின்ன அட்டையில் வாழ்த்து எழுத வேண்டும். முதலில் ஒருவன் எழுதியது: 'இல்லறம் நல்லறமாக அமைந்து பல்லாண்டு வாழ்க.' அண்ணன் பெயரை அடித்துவிட்டு, எங்கள் தெருவில் அதே மாதம் கல்யாணமான மளிகைக்கடைக்காரர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அப்படியானால் அது அண்ணனுக்கு எழுதியது அல்ல. இதுதான் சோதனை. வெர்னியர் வைத்துப் பார்ப்பது மாதிரி, இதை வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தவன் எழுதியது இந்தச் சோதனையில் தேறிவிட்டது. 'கிளாஸில் தூங்கி வழிந்த எங்கள் சிங்கமே, இனி வீட்டிலும் தூக்கம் போச்சு!' அண்ணனுக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் அட்டையைப் படிக்கப் போவது அண்ணன் மட்டுமா? மறுநாள் பெண் வீட்டார் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ஆள் எந்நேரமும் தூங்குகிறவனா, ராத்திரியில் எங்கே போவான் என்று அந்த மாமனார் யோசிக்க மாட்டாரா? பிளெக்ஸ் பேனரில் 'ஆயுள் தண்டனை', 'சிங்கம் சிக்கிருச்சு' என்று போடுகிறோமே, பெண்ணின் அம்மா மண்டபத்துக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். நம் சிரிப்புக்கு அவர்கள் மகள் தண்டனை ஆகிவிடுகிறாள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். அண்ணன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருவார். டப்பாவைத் திறந்தால் அவர் வாயில் வைக்கும் முன் நாலு கை உள்ளே போய்விடும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது காரியம். அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவருக்கும் ஷிஃப்ட்தான் என்று பத்திரிகை வைக்க வந்தபோது அண்ணனே சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் வாழ்த்து தானாக வந்துவிட்டது:

'அண்ணே, நைட் ஷிஃப்ட் முடிச்ச பசியிலும் முதல் உருண்டையை எங்களுக்குத்தான் கொடுத்தீங்க. இனி நீங்களும் அண்ணியும் ஒரே நேரத்துல உட்கார்ந்து சாப்பிடற மாதிரி ஷிஃப்ட் அமையட்டும். ரெண்டு பேரும் நல்லா இருங்க.'

இதில் மளிகைக்கடைக்காரர் பெயரைப் போட முடியாது. பெண்ணும் உள்ளே வந்துவிட்டார். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று பெண் வீட்டாருக்கும் ஒரு வரியில் தெரிந்துவிட்டது. 'நூறாண்டு வாழ்க' என்று கேட்காமல், நடக்கக்கூடிய ஒன்றைக் கேட்டிருக்கிறோம். 'அடுத்த வருஷம் மூணு பேரா வாங்க' என்று ஒருவன் கடைசியில் சேர்க்கச் சொன்னான். வேண்டாம் என்று அடித்துவிட்டோம். அது அவர்கள் பாடு. தள்ளிப்போனால் அந்த அட்டையே முள்ளாகக் குத்தும்.

பேச்சு நடையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் அந்த நண்பனிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். 'வாடா' என்கிறவனுக்கு 'தாங்கள்' என்று எழுதினால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கும். ஆனால் மணப்பெண்ணை, நம் வயதாகவே இருந்தாலும், 'நீங்க' என்றே எழுதவேண்டும். நம்மைவிட மூத்தவர்களுக்கு 'ஆசீர்வதிக்கிறோம்' என்று எழுதிவிடாதீர்கள், வாழ்த்தலாம். தமிழ் ஐயா பார்த்தால் 'வாழ்த்துக்கள்' என்பதை 'வாழ்த்துகள்' என்று திருத்துவார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை, கடிதம் எல்லாவற்றையும் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். செந்தமிழாக அடுக்கியதை அம்மா 'சரி சரி' என்று கேட்டுக்கொள்ளும். புரிகிற மாதிரி ஒரு வரி வந்தால் மட்டும் 'இன்னொருக்கா படி' என்று சொல்லும். அந்த அட்டையையும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அம்மாவுக்குப் படித்துக் காட்டத்தான் போகிறது.

மேடையில் சொல்வதென்றால் இதுவும் நீளம். பின்னால் வரிசை நிற்கும், போட்டோகிராபர் 'இங்க பாருங்க' என்பார். 'ஒரே ஷிஃப்ட் கிடைக்கட்டும்ணே' என்ற அளவுக்குத்தான் நேரம்.

முக்கியமாக ஒன்று. வாழ்த்தை மொய்க்கவர் மேல் எழுதாதீர்கள். அன்று ராத்திரி கவரைப் பிரிக்கிறவர் பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் ஏற்றிவிட்டுக் கவரைக் கிழித்து மூலையில் போட்டுவிடுவார். அதில் அந்த மூன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். வாழ்த்து தனி அட்டையில், கையில் கொடுக்க வேண்டும். கீழே 'நண்பர்கள் குழு' என்று போடாமல் ஒவ்வொருவரும் தன் கையால் பெயரை எழுதுங்கள். நாங்கள் பதினோரு பேர் எழுதினோம். இடம் போதாமல் இரண்டு பேர் பெயர் அட்டையின் பின்பக்கம் போய்விட்டது.