"சார், ஒரு சின்ன டவுட்"டுக்கு ஃபீஸ் கொடுங்க

ரிட்டயர்மென்ட்னாலே கார்பஸ், பென்ஷன், ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தித்தான் நாம பேசறோம். இன்னிக்கு ஒரு ஆளோட பழைய போன் டைரி எப்படி வருமானம் ஆச்சுன்னு பார்க்கலாம்.

பெருங்களத்தூர்ல எங்க தெருவுல ஒரு சார் இருக்கார். எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், முப்பது வருஷத்துக்கு மேல ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல இருந்தவர். ரிட்டயரான முதல் வாரமே பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "கன்சல்டிங் பண்றேன், வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு போட்டார். கைகூப்புற எமோஜி நிறைய வந்துச்சு, வேலை ஒண்ணும் வரல. ஆனா "சார், ஒரு சின்ன டவுட்"னு போன் மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு.

"வேலை இருக்கா?"ன்னு கேட்டா யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியாது. மூணு மாசம் கழிச்சுத்தான் சாருக்கு இது புரிஞ்சுது. டைரியை எடுத்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டார். கூட வேலை பார்த்தவங்கள்ல இன்னிக்கு பிளான்ட் ஹெட்டா இருக்கறவங்க, அவர்கிட்ட ட்ரெய்னியா இருந்து இப்போ சொந்தமா யூனிட் வெச்சிருக்கறவங்க, இவங்களுக்குத்தான் முதல் போன். கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கடைசி 12 மாச ஈபி பில்லை அனுப்புப்பா, பார்த்துட்டுச் சொல்றேன்."

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்ல யூனிட் வெச்சிருக்கற ஒரு பழைய ஜூனியர் அனுப்பினார். ஹெச்டி கனெக்‌ஷன், ஒப்பந்த டிமாண்ட் 200 கேவிஏ. மெஷின்கள் நிஜமா இழுக்கறது 170 கிலோவாட்தான். ஆனா பவர் ஃபேக்டர் 0.85க்கு விழுந்ததால மீட்டர்ல 200 கேவிஏன்னு பதிவாகுது. (170ஐ 0.85ஆல வகுத்துப் பாருங்க.) டிமாண்ட் சார்ஜ் கேவிஏ கணக்குலதான் போடுவாங்க, ஒரு கேவிஏவுக்கு மாசம் ஏறக்குறைய 600 ரூபாய். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழ போனா அதுக்குத் தனியா அபராதமும் உண்டு.

சார் நேர்ல போய் கிளாம்ப் மீட்டரை வெச்சு கெப்பாசிட்டர் பேனலை ஒவ்வொண்ணா அளந்தார். பேனல்ல பச்சை லைட் எல்லாம் எரியுது, ஆனா சில கெப்பாசிட்டர்ல பேர்ப்பலகையில போட்டிருக்கற ஆம்பியர்ல பாதிகூட ஓடல. ரெண்டுல ஃபியூஸே போயிருந்துச்சு. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வெச்சு மாத்தினதும் பவர் ஃபேக்டர் 0.98, டிமாண்ட் 174.

இங்கதான் அனுபவம் பேசுது. 26 கேவிஏ குறைஞ்சாலும் அவ்வளவும் மிச்சமாகாது. ஒப்பந்த டிமாண்ட்ல 90% வரைக்கும், அதாவது 180க்கு, எப்படியும் காசு கட்டணும். ஆக மிச்சம் 20 கேவிஏ, மாசம் சுமார் 12,000 ரூபாய். ஒப்பந்த டிமாண்டைக் குறைச்சா இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனா "அடுத்த வருஷம் புது மெஷின் வாங்கற பிளான் இருந்தா அதைத் தொடாதே"ன்னு சொல்லிட்டார் சார்.

ஃபீஸ் மூணு விசிட்டுக்கு 24,000. என்ன பார்ப்பேன், என்ன பார்க்க மாட்டேன்னு ஒரே பக்கத்துல முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டார். "மிச்சமாகறதுல பர்சன்டேஜ் வாங்கலாமே சார்"னு நான் கேட்டேன். ஒரு மாசம் ஆர்டர் குறைஞ்சா பில்லும் தானா குறையும், அது யாரால குறைஞ்சுதுன்னு சண்டை வரும்னார். கெப்பாசிட்டர் கடைக்காரர் கமிஷன் தர்றேன்னு சொன்னதையும் வேண்டாம்னுட்டார். அதை வாங்கியிருந்தா அடுத்த போனை அந்த ஜூனியர் எடுத்திருப்பாரா?

உங்க அப்பா இப்படி ஆரம்பிக்கறார்னா டாக்ஸ்ல ஒரு விஷயம் கவனிங்க. இன்ஜினியரிங் தொழிலுக்கு, 44ஏடிஏன்னு நமக்குப் பழக்கமான முறையில, வந்த ஃபீஸ்ல பாதியை லாபமாக் காட்டினா போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆனா 60 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாதுங்கற சலுகை, தொழில் வருமானம் இல்லாதவங்களுக்கு மட்டும்தான். கன்சல்டிங் ஃபீஸ் வந்தா அந்தச் சலுகை போயிடும். டிடிஎஸ் கழிச்சும் 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வரி பாக்கி வந்தா மார்ச் 15க்குள்ள கட்டணும், இல்லைன்னா வட்டி. சாருக்கே இது ரிட்டர்ன் போடும்போதுதான் தெரிஞ்சுது.

நம்ம பக்கமும் ஒரு தப்பு இருக்கு. பழைய மேனேஜருக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசி, நம்ம ஆபீஸ் பிரச்சினையைத் தீர்த்துக்கறோம். அவர் பழைய பாசத்துல சொல்லிடறார். ஒரு தடவை கேட்டா அது பாசம். மூணாவது தடவையும் அதே பிரச்சினைக்காகக் கூப்பிட்டா, "சார், ஒரு விசிட்டுக்கு எவ்வளவு? கொட்டேஷன் அனுப்புங்க, பாஸ் பண்ண வெக்கறேன்"னு நீங்களே கேளுங்க. அவரா வாயைத் திறந்து கேட்க மாட்டார். அந்தத் தலைமுறைக்கு ஜூனியர்கிட்ட காசு கேட்கறதே கூச்சம்.

திருமுடிவாக்கம் ஜூனியர் இப்போ பேனல் பக்கத்துல ஒரு நோட்டு தொங்க விட்டிருக்கார். மாசம் ஒரு தடவை ஒவ்வொரு கெப்பாசிட்டரோட ஆம்பியரையும் எழுதி சாருக்கு போட்டோ அனுப்பறார். அதைப் பார்த்துச் சொல்றதுக்கும் தனி ஃபீஸ் பேசியிருக்காங்க.