தழும்பின் இரு பாதிகள்

தழும்புக் களிம்பு விற்பவர்களிடம் எப்போதும் இரண்டு புகைப்படங்கள் இருக்கின்றன. முதலாவதில் சிசேரியன் தழும்பு சிவந்து புடைத்திருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த இரண்டாவதில் வெளிறித் தட்டையாகியிருக்கும். இம்மாற்றத்துக்குக் களிம்பே காரணம் என்று பார்ப்பவர் நம்பவேண்டும். ஆனால் எதுவுமே தடவாத தழும்பும் பெரும்பாலும் அவ்வாறே மாறும். புண் மூடிய பின்னும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உடல் கொலாஜன் இழைகளைக் கரைத்தும் அடுக்கியும் திருத்திக்கொண்டிருக்கிறது. மிகுதியாக முளைத்த இரத்த நுண்குழாய்கள் மறைய மறையச் சிவப்பும் தணிகிறது. காலம் செய்த வேலைக்குக் களிம்பு கூலி வாங்குகிறது.

இந்த மயக்கத்தைக் களைய வழி உண்டு. ஒரே தழும்பின் ஒரு பாதியில் மருந்தையும் மறுபாதியில் வேறொன்றையும் தடவி, எது எதுவென்று அறியாதவரை மதிப்பிடச் செய்யலாம். 2006இல் வெளியான ஆய்வொன்றில், 24 பேரின் புதிய அறுவைத் தழும்புகளில் வெங்காயச் சாறு கலந்த ஜெல் இப்படித்தான் சாதாரண வாசலினோடு ஒப்பிடப்பட்டது. இரு பாதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வெங்காயத்துக்குச் சாதகமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் சில, எதுவுமே தடவாத தழும்போடு அதை ஒப்பிட்டவை. ஜெல்லின் ஈரப்பதம் செய்ததை வெங்காயத்தின் கணக்கில் எழுதுவது எவ்வகை முறையியல்?

சிலிக்கோனின் நிலை வேறு. அது தோலுக்குள் ஊடுருவுவதில்லை. மேலே மெல்லிய மூடியாக அமர்ந்து நீரிழப்பைக் குறைக்கிறது. மேல்தோல் ஈரமாக இருக்கும்போது, கொலாஜனை மிகுதியாக உற்பத்தி செய்யுமாறு உட்செல்களைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிவதாகக் கருதப்படுகிறது. எனவே புடைத்த தழும்பு சற்றுத் தட்டையாகலாம், அரிப்பும் குறையலாம். இதற்கும் நிபந்தனைகள் உண்டு: புண் முழுதும் மூடியபின் தொடங்கவேண்டும், தகடானால் நாளுக்கு 12 மணி நேரமேனும், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் ஒட்டியிருக்கவேண்டும். குளித்த கையோடு ஒருமுறை பூசி, உடனே சேலை உரசித் துடைத்துவிட்டால் மூடியே இல்லை. ஆயினும் இதுவும் திடமான சான்றன்று. 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மறுஆய்வு, இது குறித்த சோதனைகளின் தரம் தாழ்ந்தது என்றே எழுதியது. பருக்குழிகளை நிரப்பவோ, பழைய வெண்தழும்பைப் பழைய தோலாக்கவோ சிலிக்கோனால் இயலாது. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு கெலாய்டு. அதற்குத் தோல் மருத்துவரே தேவை.

இத்தனை வரம்புகளுள்ள பொருள்களின் பெயரைச் சொல்லிப் பிரசவ வரிகளுக்கும் களிம்பு விற்பதுதான் மிகப் பெரிய துணிச்சல். அவ்வரிகள் புடைத்தவை அல்ல. உட்தோலின் இழைகள் அறுந்து மெலிந்த இடங்கள். தட்டையாக்க அங்கே என்ன இருக்கிறது? கர்ப்பக் காலத்தில் தடவும் களிம்புகள் இவ்வரிகளைத் தடுப்பதற்குத் தரமான சான்றில்லை என்று 2012ஆம் ஆண்டின் காக்ரேன் மறுஆய்வு கூறியது. சிவந்திருக்கும் புதிய வரிகளில் ஓரளவு பலன் காட்டிய டிரெட்டினாயினோ, கர்ப்பிணிகள் தவிர்க்கவேண்டிய மருந்து. வெளுத்துவிட்ட வரிகளை முன்னிருந்த தோலாக மீட்கும் களிம்பு எந்தக் கடையிலும் இல்லை.