ஒரு வாரம் கழித்து வந்த மடல்



மும்பையில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் மூத்த மகள், செப்டம்பர் மாதக் கடைசியில் மேற்படிப்புக்காக ஜெர்மனி தேசத்தின் மாக்டபுர்க் நகரத்திற்குப் புறப்பட்டுப் போனாள். தகப்பனார் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்த இரவு, "பத்திரமாக வந்துவிட்டேன், எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது. அடுத்து வந்த நாள்களிலும் அதே வரிதான். தாயாரோ, "எல்லாம் நன்றாக இருந்தால் என் பிள்ளை இவ்வளவு சுருக்கமாகவா எழுதுவாள்?" என்று கலங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஞாயிறு இரவு, முதன்முறையாக ஒரு நீண்ட மடல் வந்தது. பெற்றோரின் சம்மதத்துடன் அதை இங்கே தருகிறோம்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

தம்பி நலமா? ஆச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகமாக இருக்கிறேன். என் அறையில், என் மேசையின் முன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "என் அறை" என்று எழுத ஒரு வாரம் பிடித்தது. அந்தக் கதையை இப்போது சொல்லுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வந்து இறங்கியது சனிக்கிழமை மாலை. விடுதியின் சாவி, கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் இருக்கும். அவரை இங்கே ஹவுஸ்மைஸ்டர் என்கிறார்கள். அவர் வேலை நாள்களில், குறித்த நேரத்தில் மாத்திரமே இருப்பார். சனி ஞாயிறுகளில் வருவதில்லை. அனுப்பிய கடிதத்தில் அது எழுதியே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இரண்டு பெட்டிகளோடு பூட்டிய கதவின் முன் நின்றேன். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வரும்போது நீங்கள் அழைத்தீர்கள் அல்லவா? அதற்குப் பிறகுதான் இது. அந்த இரவு உங்களுக்கு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். அது உண்மையல்ல. என்னை மன்னியுங்கள்.

அதே கட்டடத்தில் இருக்கும் ஹைதராபாத்து மாணவி ஒருத்தி என்னைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு இரவுகள் அவள் அறைத் தரையில் படுத்தேன். மறுநாள் ஞாயிறு. இந்தத் தேசத்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அரிசியோ பாலோ வாங்க வழியில்லை. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கும் பருப்புப் பொடியும் அன்றைக்கு இருவருக்கும் ஆகாரமாயின. எடை கூடுகிறது என்று அதை எடுத்து வைக்கச் சொன்னேனே, நல்ல வேளை அம்மா கேட்கவில்லை.

திங்கள் காலையில் சாவி கிடைத்தது. கட்டில், மெத்தை, மேசை, அலமாரி எல்லாம் அறையில் இருக்கின்றன. தலையணையும் போர்வையும் பாத்திரங்களும் நாமே வாங்க வேண்டும். சமையலறை நான்கு பேருக்குப் பொது. முதல் நாள் மிளகாய் தாளித்தபோது மற்ற மூவரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். இப்போது முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறேன். குளிராக இருந்தாலும் அறை ஜன்னலையும் தினமும் சில தடவை திறந்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கொதிக்க வைக்க வேண்டியதில்லை. அம்மா அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அப்பா, பணத்தைப்பற்றி நீங்கள் கேட்காமல் கேட்டீர்கள். விவரமாக எழுதுகிறேன். விசாவுக்காக ஓராண்டுச் செலவு என்று முடக்கக் கணக்கில் போட்ட 11,904 யூரோ பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து மாதம் 992 யூரோ எனக்கு வரும். ஆனால் இப்போதே வராது. அதற்கு இங்குள்ள வங்கியில் எனக்கு ஒரு கணக்கு வேண்டும். நான் போன வங்கியில், நகர அலுவலகத்தின் விலாசப் பதிவுச் சான்று கேட்கிறார்கள். அந்தப் பதிவுக்கு, "இவர் இன்ன தேதியில் இங்கே குடிவந்தார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். விடுதி அலுவலகத்தில் அந்தத் தாளைத் திங்களன்றே வாங்கிவிட்டேன். குடிவந்த இரண்டு வாரத்திற்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். வரும் வியாழன் காலை 10.40க்கு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு அது மதியம் 2.10.

ஆகையால் இன்னும் சில வாரங்களுக்குக் கையில் கொண்டுவந்த பணம்தான். கொண்டுவந்தது 600 யூரோ. முதல் மாத வாடகையும் முன்பணமும் புறப்படும் முன்பே கட்டிவிட்டோம். இந்த வாரத்தில் படுக்கை விரிப்புகளுக்கு 50, பாத்திரங்களுக்கு 32, சாமான்களுக்கு 38, கைப்பேசி இணைப்புக்கு 15, டிராம் வண்டிக்கு 13, ஆக 148 செலவு. மீதி 452 இருக்கிறது. வங்கிக் கணக்கு வரும்வரை இது போதும். தயவுசெய்து யாரிடமும் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். போதாமல் போனால் மறைக்காமல் கேட்பேன்.

இன்று காலை அந்த அக்காவோடு ஆராதனைக்குப் போனேன். ஜெர்மன் மொழியில் நடந்தது, பாதிக்குமேல் விளங்கவில்லை. ஒரு பாட்டின் ராகம் மாத்திரம் நம் சபையில் பாடுவது. அதைத் தமிழிலேயே மெதுவாகப் பாடினேன். அப்போதுதான் வந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. திரும்பும்போது எல்பே நதிக்கரையில் நடந்தோம். மார்ட்டின் லூத்தர் சிறுவனாக 1497ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு வந்து படித்தது இந்த ஊரில்தானாம். அவர் தாயாரும் நம் அம்மாவைப்போலத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

இனி ஒவ்வொரு நாளும் இங்கே மாலை 6 மணிக்கு அழைக்கிறேன். உங்களுக்கு இரவு 9.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பின் 5 மணிக்கே அழைப்பேன்; உங்களுக்கு அதே 9.30தான். அப்பா விழித்திருந்து காத்திருக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்.

பிரியமானவர்களே, தகப்பனார் இதைக் குடும்ப ஜெபத்தில் உரத்து வாசித்தார். பூட்டிய கதவு என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. தாயாரோ அழவில்லை. "இப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும். அவள் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், கையில் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. துன்பம் வந்தால் சொல்லுவாள் என்றும் தெரிந்துவிட்டது" என்றார்கள்.

தூரதேசத்தில் படிக்கும் பிள்ளைகள், பெற்றோர் கலங்குவார்களே என்று முதல் வாரக் கஷ்டங்களை மறைத்துவிடுகிறார்கள். மறைத்த இடத்தைப் பெற்றோர் தங்கள் பயத்தால் நிரப்பிக்கொள்ளுகிறார்கள். இந்த மகள் நடந்ததையும், அது தீர்ந்த விதத்தையும், இன்னும் தீராததையும், அது என்றைக்குத் தீரும் என்பதையும் எழுதினாள். அந்த வீட்டார் வியாழக்கிழமை மதியம் 2.10க்குத் திட்டமாக ஜெபிக்க முடிந்தது அதனால்தான்.

அன்று மூன்று மணிக்கு அவளிடமிருந்து ஒரே வரி வந்தது: "பதிவுச் சான்று கையில் இருக்கிறது." இந்த முறை அந்த ஒரு வரி தாயாருக்குப் போதுமானதாக இருந்தது.