நாற்பது நாள் சுழற்சியும் 21-ஆம் நாள் பரிசோதனையும்

"எனக்கு எப்போதுமே பத்து நாள் தள்ளித்தான் வரும், டாக்டர். ஆனால் வருவது மட்டும் தவறாது." எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இப்படிச் சொல்லும் பெண்களின் கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு பரிசோதனைச் சீட்டு இருக்கும். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 21-ஆம் நாளில் எடுத்த புரோஜெஸ்டிரோன் அளவு அதில் மிகக் குறைவாகக் காணப்படும். ஓரத்தில் "கருமுட்டை வெளிவரவில்லை" என்று எழுதியிருக்கும். அந்த நாளில் எடுத்த அளவை வைத்து அப்படியொரு முடிவுக்கு வர இயலாது என்பதே எங்கள் கருத்து. அதன் காரணத்தை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் நாளைக் கணக்கிடத் தேவையான தேதிகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

மாதவிடாய்ச் சுழற்சிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதற்பாகத்தில் சினைப்பையில் ஒரு முட்டைப்பை வளர்ந்து முதிர்கிறது. அது வெடித்துக் கருமுட்டை வெளிவந்ததும் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. வெடித்த பை மஞ்சள்நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கரு தங்கவில்லையெனில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது ஓய்ந்துவிடும், மாதவிடாய் வரும். இந்த இரண்டாம் பாகத்தின் நீளம் பெண்ணுக்குப் பெண் அதிகம் மாறுவதில்லை. நீள்வதும் சுருங்குவதும் முதற்பாகமே. 1924-இல் ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ இதைக் கண்டறிந்தார். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னதாகக் கருமுட்டை வெளிவருகிறது என்று பின்னோக்கி எண்ணிக் காட்டினார். நூறாண்டு கடந்தும் நாம் முன்னோக்கியே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

28 நாள் சுழற்சியில் கருமுட்டை 14-ஆம் நாளை ஒட்டி வெளிவரும். அதற்கு ஒரு வாரம் கழித்துப் புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும். 21-ஆம் நாள் என்னும் எண் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். 40 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிவருவதே 26-ஆம் நாளை ஒட்டித்தான். அப்பெண்ணிடம் 21-ஆம் நாளில் இரத்தம் எடுப்பது, நெல் கதிர் விடும் முன்பே களத்துமேட்டில் மரக்காலோடு நிற்பதைப் போன்றது.

சென்ற ஆண்டு வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வயது 28, திருமணமாகி மூன்றாண்டுகள். வேறோர் இடத்தில் ஓராண்டு சிகிச்சை பெற்றிருந்தார். 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 0.4 நானோகிராம். 11, 13, 15-ஆம் நாள்களில் ஸ்கேன் எடுத்து, 9 மில்லிமீட்டருக்கு மேல் எந்தப் பையும் வளரவில்லை என்று எழுதியிருந்தார்கள். பை பொதுவாக 18 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகே வெடிக்கும்; 26-ஆம் நாளில் வெடிக்கவேண்டிய பை 15-ஆம் நாளில் சிறியதாக இருப்பதில் வியப்பில்லை. அதன்பின் 35-ஆம் நாள் தாண்டியதும், மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையைச் சில மாதங்கள் கொடுத்திருந்தார்கள். "முட்டையே உருவாகாத பெண்" என்ற பட்டம் வீட்டில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் 30-ஆம் நாள் தாண்டியதும் மாமியார் நம்பிக்கையோடு பார்ப்பாராம். 40-ஆம் நாள் அந்த முகம் மாறுவதைத் தாங்கமுடியவில்லை என்றார் அந்தப் பெண். நாள் தள்ளிப்போவது பிற வீடுகளில் நற்செய்தி. இவருக்கோ அது வழக்கமான கால அட்டவணை.

சிகிச்சைக்கு முந்தைய தேதிகள் அவருடைய சமையலறைக் காலண்டரில் வட்டமிடப்பட்டிருந்தன. கணக்கிட்டோம்: 39, 41, 40, 38, 40, 41, 39, 40 நாள்கள். ஒழுங்கான சுழற்சி, நீளமானது, அவ்வளவே. எந்த மாத்திரையும் இன்றி ஒரு சுழற்சி முழுவதையும் கவனிப்போம் என்று முடிவு செய்தோம். ஜூன் 3-ஆம் தேதி மாதவிடாய் தொடங்கியது. சுழற்சியின் நீளமான 40-லிருந்து 7-ஐக் கழித்து, 33-ஆம் நாளான ஜூலை 5-ஆம் தேதி இரத்தம் எடுத்தோம். அதற்குள் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுப்பது, அதன்பின்னும் வராவிட்டால் வாரந்தோறும் தொடர்வது என்பது ஏற்பாடு. புரோஜெஸ்டிரோன் 9.2 நானோகிராம் இருந்தது. 3 நானோகிராமைத் தாண்டினாலே கருமுட்டை வெளிவந்ததற்குப் போதிய சான்று. ஜூலை 12-ஆம் தேதி, இரண்டாம் பரிசோதனைக்கு அவர் கிளம்பும் முன்பே, மாதவிடாய் வந்துவிட்டது. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி இரண்டு வாரம் எண்ணினால் ஜூன் 28, அதாவது 26-ஆம் நாள். பழைய முறைப்படி ஜூன் 23-இல் எடுத்திருந்தால், கருமுட்டை வெளிவர இன்னும் ஐந்து நாள் இருந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கருத்தரிக்க ஏற்ற நாள்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டவை 12 முதல் 16 வரை. மூன்றாண்டுகளாக அதையே கடைப்பிடித்து, மற்ற நாள்களில் கணவர் வேலைநிமித்தம் வெளியூரில் இருந்திருக்கிறார். அவருடைய சுழற்சிகளின்படி ஏற்ற நாள்கள் 19 முதல் 27 வரை. அக்காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இணைந்தால் போதும். கைப்பேசிச் செயலியோ சிறுநீர்ப் பட்டையோ பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பட்டைச் சோதனையை 11-ஆம் நாளில் தொடங்கி ஒரு பெட்டி தீர்ந்ததும் நிறுத்தினால், இவரைப் போன்றோருக்கு இரட்டைக்கோடு தெரியவே தெரியாது. தம்முடைய மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 17 நாளைக் கழித்து அன்று தொடங்கவேண்டும். இவருக்கு அது 21-ஆம் நாள். அப்போதும் பட்டை காட்டுவது உடலின் முயற்சியைத்தான். கருமுட்டை வெளிவந்ததை அன்று. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள சிலருக்குப் பல நாள்கள் தொடர்ந்து இரட்டைக்கோடு தெரிந்தும் கருமுட்டை வராமல் போவதுண்டு.

ஆகவே, ஒழுங்காக வரும் நீண்ட சுழற்சியெல்லாம் குறையற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அதே காலத்தில் வந்த மற்றொரு பெண்ணுக்கும் 42 முதல் 45 நாளில் தவறாமல் இரத்தப்போக்கு வந்தது. 35-ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் 0.5. 42-ஆம் நாளில் 0.4. 44-ஆம் நாளில் இரத்தப்போக்கு. இங்கே இரண்டாவது அளவை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதவிடாய்க்கு முந்தைய ஓரிரு நாளில் எல்லோருக்குமே அது சரிந்துவிடும். முதல் அளவுதான் பேசுகிறது: இரத்தப்போக்குக்கு ஒன்பது நாள் முன்னர், உயர்ந்திருக்கவேண்டிய வேளையில், அது உயரவில்லை. கருமுட்டை வெளிவராமலும் கருப்பையின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜனால் தடித்து, பின் தாங்கமாட்டாமல் உதிர்வதுண்டு. அதைப் பார்த்து மாதவிடாயிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஒரு சுழற்சி இப்படிப் போவது யாருக்கும் நேரலாம் என்பதால் அடுத்த சுழற்சியிலும் எடுத்தோம், அதிலும் 0.6. முகத்தில் முடி வளர்ச்சியும் இருந்தது. நீர்க்கட்டி நோய் என்று உறுதிசெய்து, கருமுட்டையை வளர்க்கும் லெட்ரோசோல் சிகிச்சையைத் தொடங்கினோம். தேதி தவறாமல் வருகிறது என்ற ஒன்றை நம்பி இவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதுவும் எங்கள் பிழையாகவே இருந்திருக்கும்.

முதற்பெண்ணுக்கும் தைராய்டு, புரோலாக்டின் இரண்டையும் பார்த்தோம். 35 நாளைத் தாண்டிய சுழற்சியில் கருமுட்டை வந்தாலும், அது ஏன் தாமதமாகிறது என்று ஒருமுறையேனும் கேட்பது முறை. இரண்டும் இயல்பாகவே இருந்தன. 28 நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்கு ஆண்டில் 13 வாய்ப்புகள் கிடைக்கும்போது இவருக்கு 9 தான் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். 9.2 என்ற அளவைப் பார்த்து, "15 இருந்தால் இன்னும் நல்ல முட்டையா?" என்று கணவர் கேட்டார். அப்படியில்லை. இந்தச் சுரப்பு அலையலையாக வருவது. சில மணி நேரத்திலேயே பெரிதும் ஏறி இறங்கும். கருமுட்டை வந்ததா என்பதற்கு மட்டுமே அந்த எண் விடை தரும். அதன் தரத்திற்கு அன்று.

அடுத்து நாங்கள் கேட்டது அவருடைய விந்தணுப் பரிசோதனை அறிக்கையை. மூன்றாண்டுக் கோப்பில் அது இல்லை. குறை மனைவியிடம்தான் என்று முதற்சீட்டே சொல்லிவிட்ட பிறகு எவருக்கும் அது தோன்றவில்லை. தவறான நாளில் எடுத்த ஓர் இரத்தப் பரிசோதனை விளைவித்த தீங்குகளில் இதைத்தான் நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம்.

எனவே இந்தப் பரிசோதனையை "21-ஆம் நாள் பரிசோதனை" என்று அழைப்பதையே மருத்துவர்கள் கைவிட வேண்டும் என்று வேண்டுகிறோம். எங்கள் பிரிவின் ஆய்வகச் சீட்டில் இப்போது மூன்று தேதிகளுக்கு இடம் விட்டிருக்கிறோம்: சென்ற மாதவிடாய் தொடங்கிய தேதி, இரத்தம் எடுத்த தேதி, அடுத்த மாதவிடாய் வந்த தேதி. மூன்றாவது நிரம்பும் வரை குறைந்த அளவொன்றைப் பார்த்து "கருமுட்டை வரவில்லை" என்று எழுதுவதில்லை. அதை நிரப்ப உங்கள் உதவி வேண்டும். மாதவிடாய் வந்த அன்று ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வராமல் 40-ஐயும் தாண்டினால், வரவழைக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கி உட்கொள்ளாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் வரை வரவே இல்லையெனில் அது வேறு கணக்கு. காத்திராமல் நேரில் வாருங்கள். 35 வயதைக் கடந்து ஆறு மாதமாக முயன்று வருவோரும் அவ்வாறே.

அந்தத் தம்பதியிடம் முயல்வதற்கு ஆறு சுழற்சிகள் குறித்துக் கொடுத்திருக்கிறோம். அதாவது எட்டு மாதங்கள். கரு தங்கினால், பேறுகால நாளைக் கடைசி மாதவிடாயை வைத்துக் கணக்கிடாமல் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கணக்கிட வேண்டும் என்பதையும் கோப்பின் முகப்பில் எழுதிவைத்தோம். இல்லையெனில், 12 நாள் முன்னதாகவே "நாள் கடந்துவிட்டது" என்று யாரேனும் சொல்லிவிடக்கூடும்.