‘ஓ’ எண்டால் எல்லாருக்கும் குடுக்கலாமோ?

இரத்ததான முகாமுக்கு முதல்நாள் எங்கட பீடத்து வட்சப் குழுவில ஒரு போஸ்டர் சுத்தினது. "நீங்கள் ஓ குரூப்பா? உங்கள் இரத்தம் எல்லோருக்கும் பொருந்தும்!" நாங்கள் விஞ்ஞானத்தை ஓ.எல்லோட கைகழுவின ஆக்கள்தான். ஆனாலும் இந்த வசனத்தோட சண்டை பிடிக்காமல் விட ஏலாது.

செங்குழியங்களின் மேற்பரப்பில் ஏ, பி என இரண்டு அடையாளங்கள் இருக்கலாம். ஏ குரூப்காரருக்கு முதலாவது, பி குரூப்காரருக்கு மற்றது, ஏபிக்கு இரண்டும், ஓவுக்கு ஒண்டும் இல்லை. தன்னிடம் இல்லாத அடையாளத்தைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் ஒருவரின் பிளாஸ்மாவில் ஏற்கெனவே இருக்கும். ஏ குரூப் நோயாளிக்கு பி இரத்தத்தை ஏற்றினால், உள்ளே போன குழியங்கள் உடையும். காய்ச்சல், முதுகுவலி, சிவப்பாய்ப் போகும் சிறுநீர், உயிராபத்து. ஓ குழியத்தில் தாக்குவதற்கு அடையாளமே இல்லை. ‘பொது வழங்கி’ என்ற பட்டம் அதால வந்தது.

ஆனால் அந்தப் பட்டம் செங்குழியத்துக்கு மட்டும்தான். ஓகாரரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டையும் தாக்கும் எதிரிகள் இருக்கின்றன. எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே ஏ குரூப் நோயாளிக்கு ஏற்றினால், இப்ப அடி விழுறது நோயாளியின்ர சொந்தக் குழியங்களுக்கு. இதனால்தான் இரத்த வங்கியில் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை நீக்கிவிட்டுக் குழியங்களைத் தனியாகக் கொடுக்கிறார்கள். பிளாஸ்மாவைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ்: எல்லாருக்கும் குடுக்கக்கூடியது ஏபிகாரரின்ரதான். "எங்கட குரூப் ஆருக்கும் தேவைப்படாது" எண்டு அண்டைக்கு வீட்ட நிண்ட ஏபி நண்பர்களுக்கு இதை ஆரும் சொல்லேல்லை.

போஸ்டர் விழுங்கின இன்னொரு சொல் ‘நெகற்றிவ்’. பொது வழங்கி ஓ நெகற்றிவ் மட்டுமே. எங்கட பக்கத்தில ஓகாரரில் மிகப் பெரும்பாலானோர் பொசிற்றிவ். பொசிற்றிவ் குழியத்தில் ‘டி’ என்ற இன்னொரு அடையாளம் உண்டு. அதை நெகற்றிவ் பெண்பிள்ளை ஒருத்திக்கு ஏற்றினால் வழமையாக முதல்முறை பெரிதாக ஒன்றும் நடக்காது. அவளின் உடல் அதற்கு எதிரிகளை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். வருடங்கள் கழித்து அவள் பொசிற்றிவ் குழந்தையைச் சுமக்கும்போது, அவை சூல்வித்தகத்தைத் தாண்டிக் குழந்தையின் குழியங்களை உடைக்கும். ஒரு போஸ்டரில விட்ட ஒரு சொல்லின்ர விலை இவ்வளவு தூரம் போகும்.

ஓ நெகற்றிவ்கூட எல்லாருக்கும் இல்லை. 1952இல் பம்பாயில் கண்டறிந்து அறிவிக்கப்பட்ட ‘பம்பாய் குரூப்’காரர், சாதாரண சோதனையில் ஓ மாதிரியே தெரிவார். ஆனால் ஓகாரரிடமும் உள்ள ‘எச்’ என்ற அடிப்படை அடையாளம் அவரிடம் இல்லை. அதைத் தாக்கும் எதிரி இருக்கிறது. ஓ ஏற்றினாலும் ஆபத்துத்தான், இன்னொரு பம்பாய் குரூப்காரரின் இரத்தமே வேணும். நோயாளியின் மாதிரியையும் கொடையாளியின் குழியத்தையும் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனையில் இது பிடிபடும்.

போஸ்டர் செய்த அண்ணாவுக்கு இதையெல்லாம் சொன்னோம். "இவ்வளவையும் போட்டா ஆர் வாசிப்பினம்?" எண்டார். ‘எல்லோருக்கும் பொருந்தும்’ எண்டதை வெட்டிப்போட்டு, ‘எந்தக் குரூப்பும் வரலாம்’ எண்டு போடச் சொல்லியிருக்கிறம். அதுக்கு இடம் காணும்.