திரும்பிய காசோலை, தொடங்காத காப்பீடு

1993 டிசம்பர் 21 அன்று ஒருவர் காருக்குக் காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் காசோலையாகத் தந்தார். பத்தே நாளில் விபத்தில் உயிரிழந்தார். பணமின்றிக் காசோலை திரும்பியது ஜனவரியில்தான். ஆனாலும் காருக்கான இழப்பீடு குடும்பத்துக்குக் கிடையாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரீமியம் வராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. பணம் வரவில்லையென்றால், பாலிசித் தாள் கையில் இருந்தும் காப்பீடு தொடங்கியதாகாது.

வண்டி மோதிய வழிப்போக்கரின் நிலை வேறு. விபத்துக்கு முன்பே பாலிசியை ரத்து செய்து உரிமையாளருக்குத் தெரிவித்திருந்தால்தான் நிறுவனம் தப்பலாம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பு. இல்லையேல் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். இது நியாயமே. ஆனால் காப்பீடு இல்லை என்பதை அறியாமல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. அதனால், காசோலை திரும்பிய அன்றே உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.