சுக்கிரன் கோடும் 22 நிமிடமும்

எந்த ஊரில் குடியேறலாம் என்று யோசிக்கும் ஜோடிகளுக்கு, சுக்கிரன் கோடு ஓடும் ஊரில் காதல் செழிக்கும் என்று வழிசொல்கிறார்கள் ஆஸ்ட்ரோகார்ட்டோகிராஃபிக்காரர்கள். 1970களில் அமெரிக்க ஜோதிடர் ஜிம் லூயிஸ் பிரபலமாக்கிய முறை இது. பிறந்த கணத்தில் சுக்கிரன் எங்கெங்கே உதித்தது, உச்சத்தில் நின்றது, மறைந்தது என்பதையே கோடுகள் காட்டுகின்றன. அதுவரை சுத்தமான வானியல்; காதல் பிற்சேர்க்கை.

வானியலுக்கே வருவோம். பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. மாட்ரிட் வழியே செல்லும் உச்சக்கோடு, பிறந்த நேரம் 22 நிமிடம் பிந்தினால் லிஸ்பனுக்குப் போய்விடும். அம்மா ‘பத்து மணி இருக்கும்’ என்று சொன்ன நேரத்தை நம்பியா வீடு பார்ப்பது?

கோட்டின் செல்வாக்கு பல நூறு கிலோமீட்டர் பரவும் என்பார்கள். அப்படியானால் இரண்டு ஊரும் பொருந்தும். தேர்வுக்கு வரைபடம் எதற்கு?

இருவர் கோடுகளும் முரண்பட்டால், இரு ஜாதகங்களின் நடுப்புள்ளிகளை எடுத்துக் கூட்டு ஜாதகம் போடுகிறார்கள். அது இருவரில் யாருடைய பிறந்த நேரத்து வானமும் அல்ல.